உங்களுக்குத் தெரியுமா? கவிதைக்குள் ஊரைக் கொண்டுவரும் வாசனைகள்

மண்வாசனை மண்ணின் வாசனை மட்டும் அல்ல என்பது உங்களுக்குத் தெரியுமா? மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. லட்சம் கோடித் துளித் தண்ணீரில் சில துளி கலந்திருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். பீட்ரூட்டை நறுக்கும்போது எழும் மண் வாடையும் இதுதான். ஆகவே "மண்வாசனை வீசியது" என்று மட்டும் எழுதினால், அது மதுரைக்கும் பொருந்தும், மெல்போர்னுக்கும் பொருந்தும். ஊர் வராது.

பிறகு ஊர் எங்கிருந்து வரும்? மழைக்கு முந்தைய வறண்ட நாட்களிலிருந்து வரும். 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் இந்த வாசனைக்குப் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். வெயில் காலத்தில் செடிகொடிகள் விடும் எண்ணெய்ப் பொருட்களை மண்ணும் பாறையும் உறிஞ்சி வைத்திருந்து, ஈரம் பட்டதும் வெளியே விடுகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். அதனால் மழையை எழுதுவதற்கு முன், அந்த மண்மேல் என்ன கிடந்தது என்று எழுதுங்கள். களத்துமேட்டு வைக்கோலா, உதிர்ந்த வேப்பம்பூவா, ஆட்டுக்கிடைப் புழுக்கையா? அந்த ஒரு சொல் போதும், வாசகர் உங்கள் ஊரில் இறங்கிவிடுவார்.

கொட்டும் மழையைவிடத் தூறல்தான் அதிகம் மணக்கும், தெரியுமா? துளி மெதுவாக விழும்போது மண்ணின் நுண்துளைகளில் அகப்பட்ட காற்று குமிழியாகி, மேலே வந்து வெடித்து, வாசனையைச் சிதறடிக்கிறது. 2015-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் இதைப் படம் பிடித்தார்கள். பலத்த மழையில் இது குறைந்துவிடுகிறது. அடைமழை மூன்றாம் நாளில் மண்வாசனை கமழ்வதாக ஒரு கவிதை சொன்னால், கவிஞர் ஜன்னலைத் திறக்கவில்லை என்று எனக்குத் தோன்றும். வாசனையின் இடம் முதல் தூறலில் இருக்கிறது. சில சமயம் மழை நம்மை எட்டும் முன்பே, அது பெய்யும் பக்கத்துக் காற்றில் வாசனை வந்துவிடும். கிழக்கே கண்மாய்ப் பக்கமிருந்து வந்தது என்று திசையைச் சொன்னால், வாசகர் மனதில் ஒரு வரைபடமே விரியும்.

ஒரே வாசனைக்குள் நின்றுகொண்டே இருந்தால், சில நிமிடங்களில் மூக்கு அதைக் கவனிப்பதை விட்டுவிடும். ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். எனக்கு வந்த ஒரு கவிதையில் முதல் வரி, "மருத்துவமனை வாசனை மனதை அறுக்கிறது". கடைசி வரியிலும் அதே வாசனை அதே அளவில் வீசியது. உண்மையில் அப்படி நடக்காது. உள்ளே நுழையும் கணத்தில் பினாயில் முகத்தில் அடிக்கும். வராந்தாவில் பாய் விரித்துப் படுத்த பிறகு அது தெரியாது. வெளியே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் மறுபடி அடிக்கும். இதை வைத்து நான் அந்தக் கவிதையை இப்படி மாற்றிப் பார்த்தேன்:

மூன்றாம் நாள்
பினாயில் வாடை நின்றுபோனது.
வீட்டுக்கு வந்து
அம்மாவின் சேலையை மடிக்கும்போது
மறுபடி தொடங்கியது.

இதில் துக்கம் என்ற சொல் இல்லை, மனதும் இல்லை. வாசனை நின்ற இடமும் திரும்பிய இடமும் மட்டும் இருக்கின்றன. கட்டிலில் இருந்தது யார், என்ன ஆயிற்று என்பதை வாசகரே புரிந்துகொள்கிறார்.

பலகாரம் பொரியும் வாசனைக்கு எண்ணெயின் பெயர்தான் ஊர்ப் பெயர். நேந்திரங்காய் வறுவல் தேங்காயெண்ணெயில் பொரிகிறது என்றால் நாகர்கோவில் பக்கம் வந்துவிட்டோம்; கடலையெண்ணெய் என்றால் வேறு ஊர். பலமுறை காய்ந்த எண்ணெயின் காறல் என்றால் பேருந்து நிலையத்து பஜ்ஜிக்கடை.

'நாற்றம்' என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது, தெரியுமா? இன்று அது கெட்ட வாடைக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. ஆனாலும் நம்மிடம் இருக்கும் வாசனைச் சொற்கள் கொஞ்சமல்ல. மீனுக்குக் கவிச்சி, மிளகாய்க்கு நெடி, அடிபிடித்த சோற்றுக்குக் காந்தல், பழைய எண்ணெய்க்குச் சிக்கு வாடை, ஆட்டுக்கு மொச்சை. இத்தனை இருக்க, எல்லாவற்றையும் 'வாசம்' என்ற ஒரே சொல்லில் ஏன் அடைக்க வேண்டும்? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடுப்படியில் நின்று சொன்ன வாசனைச் சொல் ஒன்று நினைவில் இருந்தால், அடுத்த கவிதையில் அதை அப்படியே எழுதுங்கள்.