நட்பைக் கூறும் ஒரு குறளை உரைநடையாக்குதல்

திருக்குறளின் 79ஆம் அதிகாரம் 'நட்பு'. அதன் எட்டாவது குறள், நூல் முழுவதற்குமான வரிசையில் 788ஆம் குறள், இப்பாடத்திற்கு உரியது. மாணவர்கள் திருக்குறள் நூலில் அக்குறளைத் திறந்து வைத்துக்கொண்டு இப்பகுதியைப் படித்தல் நலம். முதலடியில் நான்கு சீர்களும் இரண்டாமடியில் மூன்று சீர்களுமாக ஏழே சீர்கள் அதில் உள்ளன. சொற்கள் சிலவே, அவற்றுள் பெரும்பாலானவை இன்றும் வழங்குபவை. ஆயினும் இக்குறளுக்கு உரைநடை எழுதும்போது மாணவர் பலர் தவறுகின்றனர். தெரியாத சொல்லைக் காட்டிலும் தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லே அவர்களைத் தவறச் செய்கிறது.

தில்லியில் தமிழை விருப்பப்பாடமாகப் படிக்கும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இக்குறளுக்கு இவ்வாறு பொருள் எழுதினாள் என்று கொள்வோம்: "தன் உடுக்கையைத் தொலைத்தவனின் கைபோல, அங்கே கண்ணில் வரும் துன்பத்தைக் கலைப்பது நட்பாம்." வாக்கியத்தில் எழுத்துப்பிழை இல்லை; பொருளும் இல்லை. அவள் எங்கெங்கு வழி தவறினாள் என்று பார்த்தால் குறளின் பொருள் தானே விளங்கும்.

முதற்சொல் 'உடுக்கை'. கோவில் திருவிழாவில் கையால் தட்டி ஒலிக்கும் சிறிய இசைக்கருவிக்கும் அப்பெயர் உண்டு. வடமாநிலங்களில் வாழும் பிள்ளைகள் 'டமரு' என்னும் பெயரில் அதைப் போன்ற கருவியைக் கண்டிருப்பர். ஆனால் இக்குறளில் உடுக்கை என்பது உடுக்கப்படுவது, அதாவது ஆடை. 'உடு' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. உடுத்தல், உடுப்பு, உடை ஆகிய சொற்களை அதனோடு சேர்த்து வைத்தால் ஐயம் நீங்கும். இச்சொல்லின் பின் 'ஐ' என்னும் வேற்றுமை உருபு மறைந்து நிற்கிறது. செய்யுளில் மறைந்த உருபை உரைநடையில் வெளிப்படையாக எழுத வேண்டும்: 'உடுக்கையை', அதாவது 'ஆடையை'.

அடுத்து 'இழந்தவன்'. இழத்தல் என்றால் தொலைத்தல் என்றே பலரும் கொள்வர். அவ்வாறு கொண்டால், உடுக்க ஆடையற்ற ஏழை ஒருவன் கைநீட்டி நிற்பதாகவும், அவனுக்கு ஆடை கொடுப்பதே நட்பு என்று குறள் கூறுவதாகவும் பொருள் திரிந்துவிடும். பரிமேலழகர் தம் உரையில், பலர் நடுவே ஆடை நெகிழ்ந்துபோன ஒருவனையே இங்குக் காட்டுகிறார். இடுப்பில் கட்டிய ஆடை நழுவும் அந்த நொடியை எண்ணிப் பார்க்க வேண்டும். கை உடனே சென்று ஆடையைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே இங்குக் கை என்பது கேட்கும் கை அன்று, காக்கும் கை.

'இடுக்கண்' என்னும் சொல்லின் இறுதியில் 'கண்' இருப்பதால் அம்மாணவி அதைப் பிரித்துவிட்டாள். அது பிரிக்கக் கூடாத ஒரே சொல். துன்பம் என்பது பொருள். திருக்குறளின் 63ஆம் அதிகாரத்தின் பெயரே 'இடுக்கண் அழியாமை' என்பதாகும். இச்சொல்லை அங்கும் கண்டால் மனத்தில் நன்கு பதியும்.

'களைவது' என்பதில் வருவது 'ள'. வயலில் பயிருக்கு ஊறு செய்யும் களையைப் பிடுங்கி எறிவதுபோல, வேண்டாததை நீக்குவது களைதல். 'கலைப்பது' என்று 'ல' இட்டு எழுதினால் கூட்டத்தைக் கலைப்பது, உறக்கத்தைக் கலைப்பது என்று வேறு பொருளாகிவிடும். அச்சொல்லை ஒட்டி வரும் 'ஆம்' என்பதும் கவனத்திற்குரியது. 'அவன் வந்தானாம்' என்னும்போது பிறர் சொல்லக் கேட்ட செய்தியை அது குறிக்கும். இக்குறளிலோ அது 'ஆகும்' என்பதன் சுருங்கிய வடிவம். வள்ளுவர் பிறர் சொல்லக் கேட்டதைக் கூறவில்லை. நட்பு இன்னது என்று உறுதியாகக் கூறுகிறார்.

எஞ்சியிருப்பது 'ஆங்கே'. குறளின் உயிர் இச்சொல்லில்தான் இருக்கிறது. 'அங்கே' என்று இடப்பொருளில் எழுதிவிட்டுச் செல்வது எளிது. ஆனால் இங்கு அதற்கு 'அப்பொழுதே', 'அந்நிலையிலேயே' என்பது பொருள். ஆடை நழுவிய பின் சற்றுநேரம் கழித்து வரும் கையால் பயனில்லை. அதற்குள் எல்லாரும் பார்த்துவிடுவர்.

சொற்பொருள் தெளிந்தபின் சொற்களின் வரிசையை நோக்க வேண்டும். 'நட்பு' என்னும் சொல் குறளின் கடைசிச் சீராக நிற்கிறது. உரைநடையில் அதை முன்னே கொண்டுவரலாம். இறுதியிலேயே விட்டு 'நட்பாகும்' என்று முடிக்கவும் செய்யலாம். குறளின் அழுத்தம் மாறாதிருப்பதால் இரண்டாவது வழியே சிறந்தது. இனி, திருத்திய உரைநடை:

"உடுத்திய ஆடை நழுவும்போது ஒருவனுடைய கை அப்பொழுதே சென்று அதைப் பிடித்துக் காப்பதுபோல, நண்பனுக்குத் துன்பம் நேரும்போது உடனே சென்று அதை நீக்குவதே நட்பாகும்."

'சென்று பிடித்துக் காப்பது' என்னும் சொற்கள் குறளில் இல்லை. கை என்ன செய்யும் என்பதை வள்ளுவர் சொல்லாமல் விட்டார். படிப்பவர் அறிவர் என்பது அவர் நம்பிக்கை. உரைநடையில் அதை நிரப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் குறள் குறிப்பாகவும் உணர்த்தாத செய்தியை, 'நண்பனுக்குப் பணம் கொடுத்து உதவ வேண்டும்' என்பது போன்றவற்றை, சேர்த்தல் கூடாது.

பொருள் வினாக்களுக்கு விடை எழுதும்போதும் இவ்வேறுபாடு உதவும். 'இக்குறளில் அமைந்த உவமை யாது?' என்ற வினாவுக்கு 'கை' என்று மட்டும் எழுதினால் விடை பாதியே. ஆடை நழுவுதல் துன்பத்திற்கும், கை நண்பனுக்கும், ஆடையைப் பிடித்தல் துன்பம் நீக்குதலுக்கும் ஒப்பாகின்றன என்று மூன்றையும் காட்ட வேண்டும். 'வள்ளுவர் வேறோர் உறுப்பைக் கூறாமல் கையைக் கூறியது ஏன்?' என்பது மற்றொரு வகை வினா. இதற்கு விடை குறளின் சொற்களில் நேரே இல்லை. கை தன்னை யாரும் அழைக்கும்வரை காத்திருப்பதில்லை. 'செல்லலாமா' என்று எண்ணுவதுமில்லை. ஆடைக்குரியவனும் கைக்குரியவனும் ஒருவனே. இவ்வாறு எண்ணி எழுதும் விடையை 'இதனால் உய்த்துணரலாம்' என்னும் சொற்களோடு முடிப்பது முறை.

மூன்றாம் வகை வினா ஒரு சூழலைக் கொடுத்துக் கேட்கும். திருநெல்வேலியிலிருந்து தில்லிக்குப் புதிதாக வந்த மாணவன் ஒருவனிடம் ஆசிரியர் இந்தியில் ஒரு கேள்வி கேட்கிறார். அவனுக்குப் புரியவில்லை, விழித்துக்கொண்டு நிற்கிறான். பின்வரிசையில் சிரிப்பு எழுகிறது. அருகில் இருந்த தோழன் உடனே எழுந்து, "ஐயா, இவன் இந்தி இப்போதுதான் கற்கிறான், நான் தமிழில் சொல்கிறேன்" என்கிறான். இன்னொரு தோழன் மாலையில் வீட்டிற்கு வந்து அன்றைய பாடம் முழுவதையும் பொறுமையாகக் கற்பிக்கிறான். 788ஆம் குறளுக்கு யாருடைய செயல் பொருந்தும்?

மாணவர் பலர் இரண்டாமவனையே தேர்வர். அவன் செய்த உதவி பெரிது அல்லவா? அவன் நல்ல தோழன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இக்குறள் உதவியின் அளவைப் பற்றிப் பேசவில்லை. பலர் நடுவே நேர்ந்த இழிவை அந்நொடியிலேயே நீக்கியவன் முதலாமவன். 'ஆங்கே' என்னும் சொல்லைச் சான்று காட்டி இவ்விடையை எழுத வேண்டும்.

பயிற்சி

1. 'ஆங்கே' என்பதை நீக்கிவிட்டு இக்குறளுக்கு உரைநடை எழுதுக. பொருளில் எது குறைந்தது என்பதை இரண்டு வரிகளில் கூறுக.

2. தில்லி மாணவியின் வாக்கியத்தில் உள்ள தவறுகளைக் கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய திருத்தத்தைக் காரணத்துடன் எழுதுக.

3. இதே அதிகாரத்தின் 786ஆம் குறளைப் படித்து உரைநடையாக்குக. அதில் வரும் 'நக' என்னும் சொல்லுக்கும் விரல் நகத்திற்கும் தொடர்பில்லை. 'நகைத்தல்' என்னும் சொல்லோடு சேர்த்துப் பார்க்க.