காளவாய் ஏன் 900 டிகிரிக்கு எரிய வேண்டும்?

கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் வேதியியலில் ஒன்றே: கால்சியம் கார்பனேட். வெயிலில் எத்தனை காலம் கிடந்தாலும் அது சுட்ட சுண்ணாம்பாக மாறாது. காளவாயில் இட்டு எரித்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு மிஞ்சுகிறது. எந்த வெப்பநிலையில் இது தானாக நடக்கத் தொடங்கும் என்பதை நெருப்பு மூட்டும் முன்பே கணக்கிட்டுவிடலாம்.

அந்தக் கணக்கில் இரண்டு விசைகள் மோதுகின்றன. 100 கிராம் கல், அதாவது ஒரு மோல், பிரிய சுமார் 178 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்ச வேண்டும். இந்த என்தால்பி மாற்றம் வினைக்கு எதிரானது. ஆனால் கெட்டியான கல்லுக்குள் அடைபட்டிருந்த 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வாயுவாக விடுபட்டுப் பரவுகிறது. அறை வெப்பத்திலேயே அது 24 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். அந்தப் பரவலின் அளவே என்ட்ரோபி மாற்றம்: ஒரு கெல்வினுக்குச் சுமார் 160 ஜூல். இது வினைக்குச் சாதகமானது.

அமெரிக்க அறிஞர் வில்லார்டு கிப்ஸ் 1870களில் இரண்டையும் ஒரே சமன்பாட்டில் இணைத்தார்: ΔG = ΔH − TΔS. கட்டிலா ஆற்றல் மாற்றமான ΔG எதிர்க்குறி பெற்றால் வினை தன்னிச்சையானது. என்ட்ரோபியை வெப்பநிலை பெருக்குவதால், சூடு ஏற ஏற அதன் கை ஓங்குகிறது.

25 டிகிரி செல்சியஸ் என்பது 298 கெல்வின். 298-ஐ 0.160 ஆல் பெருக்கினால் சுமார் 48 கிலோஜூல். 178-இல் அதைக் கழித்தால் 130 மிஞ்சும். நேர்க்குறி, ஆகவே கல் கல்லாகவே இருக்கும். 1200 கெல்வினில் பெருக்குத்தொகை 192 ஆகிறது. ΔG −14, கல் பிரியும். இரண்டும் சமமாகும் இடம் 178-ஐ 0.160 ஆல் வகுத்தால் கிடைக்கும்: சுமார் 1110 கெல்வின், அதாவது ஏறக்குறைய 840 டிகிரி.

மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். என்தால்பி கிலோஜூலிலும் என்ட்ரோபி ஜூலிலும் தரப்படும். 160-ஐ 0.160 ஆக்காமல் பெருக்கினால் வகுத்தல் விடை ஒன்றைவிடச் சற்றே அதிகமான கெல்வின் என வரும். அந்தக் கடுங்குளிரில் கல் பிரியும் என்று விடை சொன்னால், அலகு பிசகியிருக்கிறது என்று உடனே சந்தேகிக்க வேண்டும்.

அளந்து பார்த்தால், கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தை எட்டுவது 900 டிகிரியை ஒட்டித்தான். 840 என்ற விடை, 25 டிகிரிக்கான ΔH, ΔS மதிப்புகள் சூட்டில் மாறுவதில்லை என்று வைத்துக்கொண்டு போட்டது. உண்மையில் அவை சிறிது மாறுகின்றன. அத்தோடு, இந்தக் கணக்கு ஒரு வளிமண்டல அழுத்தமுள்ள வாயுவுக்கானது. 800 டிகிரியில் அந்த அழுத்தம் ஏறத்தாழ கால்பங்குதான் என்றாலும், காற்றோட்டம் வாயுவை அடித்துச் சென்றுகொண்டே இருந்தால் கல் அங்கேயே பிரியும். ஆனால் மெதுவாக. வாயு வெளியேற வழியில்லாமல் தேங்கினால் 850 டிகிரியிலும் கல் வேகாது.