பெரிய புட்டி லாபமா?

பருப்பையும் புளியையும் மொத்தமாக வாங்கினால் லாபம் என்பது அம்மா காலத்துப் பாடம். முகத்தில் தடவிக்கொள்ளும் ஸீரம் விஷயத்தில் அந்தப் பாடம் சில சமயம் நம்மைக் காலை வாரி விட்டுவிடுகிறது. எப்படி என்கிறீர்களா? ஓர் அண்ணியும் நாத்தனாரும் வாங்கி வந்த இரண்டு புட்டிகளைப் பாருங்கள்.

இரண்டும் வைட்டமின் ஸி ஸீரம்தான். அண்ணியின் புட்டி 15 மில்லி. அதில் அஸ்கார்பிக் அமிலம் 10 சதவிகிதம். விலை 450 ரூபாய். நாத்தனாருடையது 30 மில்லி, 20 சதவிகிதம், விலை 780 ரூபாய்.

"நீங்கள் ஏமாந்து போய்விட்டீர்கள், அண்ணி! உங்களுக்கு மில்லி 30 ரூபாய், எனக்கு 26 ரூபாய்தான். உள்ளே இருக்கும் சரக்கைப் பார்த்தாலோ, உங்களிடம் ஒன்றரை கிராம், என்னிடம் ஆறு கிராம். கிராமுக்கு உங்களுக்கு 300 ரூபாய். எனக்கு 130 ரூபாய்!" என்றாள் நாத்தனார்.

கணக்கில் தவறே இல்லை. ஆனால் முகம் கிராம் கணக்கில் ஸீரம் கேட்பதில்லை, பரப்பளவுக்குத்தான் கேட்கிறது. டிகாக்ஷன் கெட்டியாக இருந்தால் பாதி விட்டுப் பாலைக் கூட்டிக்கொள்ளலாம். இதில் அந்த வித்தை பலிக்காது. பாதிச் சொட்டு எடுத்தால் முகம் முழுவதும் பரவாது. தண்ணீர் கலந்தாலோ அந்த ஸீரத்துக்கு வேண்டிய அமிலத் தன்மையே மாறிவிடும். ஆகவே 10 சதவிகிதமானாலும் 20 சதவிகிதமானாலும், ஒரு வேளைக்கு அதே ஐந்து சொட்டுத்தான்.

ஐந்து சொட்டு என்பது எவ்வளவு? வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். சுத்தமான, உலர்ந்த கரண்டியில் பத்துச் சொட்டு விட்டு, குழந்தைக்கு மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சிப் பாருங்கள். தண்ணீர் போன்ற ஸீரமானால் பெரும்பாலும் அரை மில்லி அளவு வரும். கொழகொழப்பானதற்கும் வேறு வாயுள்ள சொட்டுக் குழாய்க்கும் அளவு மாறும். அளந்ததை வீணாக்காமல் முகத்திலும் கழுத்திலும் தடவிக்கொள்ளுங்கள்.

நம் இரண்டு புட்டிகளிலும் ஐந்து சொட்டுக்குக் கால் மில்லி என்றே வைத்துக்கொள்வோம். தினம் ஒரு வேளை. அண்ணியின் புட்டி 60 வேளைக்கு வரும். வேளைக்கு ஏழரை ரூபாய். நாத்தனாரின் புட்டி 120 வேளைக்கு வரும். வேளைக்கு ஆறரை ரூபாய். இதுவரை நாத்தனார் பக்கமே ஜெயம்.

ஆனால் அஸ்கார்பிக் அமிலத்துக்குக் காற்றும் வெளிச்சமும் சூடும் ஆகாது. மூடியைத் திறக்கத் திறக்க அது கெடுகிறது. அநேக புட்டிகளைத் திறந்து மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவதுதான் நல்லது. நாத்தனாரின் புட்டி 90-ஆம் நாள் நிறம் மாறிவிட்டால், கால் புட்டி குப்பைக்கு! இப்போது 780 ரூபாயை 90-ஆல் வகுத்துப் பாருங்கள். வேளைக்கு 8 ரூபாய் 67 காசு. அதோடு, 20 சதவிகிதம் பலருக்கு முகத்தில் எரிச்சல் தரும். எரிச்சலுக்குப் பயந்து ஒருநாள் விட்டு ஒருநாள் தடவினால் 45 வேளைதான். வேளைக்குப் பதினேழு ரூபாய்க்கு மேல் ஆகிறது. சதவிகிதம் இரட்டித்ததால் பலனும் இரட்டிக்கும் என்று எண்ணவும் வேண்டாம்.

கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? திறந்த அன்றே நிறத்தைக் கவனித்து, புட்டியின் மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள். சில ஸீரம்களுக்கு ஆரம்பத்திலேயே இளமஞ்சள் உண்டு. அது கரும் ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ மாறினால் விடை கொடுத்துவிட வேண்டியதுதான். தீர்ந்த தேதியையும் குறித்தால், உண்மையில் எத்தனை வேளை வந்தது என்பது தெரிந்துவிடும். விலையை அந்த எண்ணால் வகுப்பதுதான் சரியான கணக்கு.

எல்லா ஸீரமும் இப்படிச் சீக்கிரம் கெடுவதில்லை. நியாஸினமைடு போன்றவை நெடுநாள் தாங்கும். அவற்றில் பெரிய புட்டி லாபமாகவே இருக்கலாம். லேபிளில் திறந்த டப்பாப் படமும் மாத எண்ணும் இருந்தால், திறந்தபின் எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பது அதுதான். இன்னொன்று: ஒரே பொருளின் சதவிகிதங்களைத்தான் ஒப்பிட வேண்டும். வைட்டமின் ஸி-யின் வேறு உருவங்களை அஸ்கார்பிக் அமிலத்தோடு எண்ணுக்கு எண் ஒப்பிடுவது, வெல்லத்தையும் சர்க்கரையையும் ஒரே படியால் அளப்பது போலத்தான்.

நாத்தனாரின் முகம் வாடிவிட்டதைப் பார்த்து அண்ணி சிரித்தாள். "என்னுடையது தீரட்டும், உன்னுடையதை அதுவரை திறக்காமல் குளுமையான அலமாரியில் வை. பிறகு இருவரும் சேர்ந்து தடவினால் 60 நாளில் காலியாகிவிடும். கெடவும் நேரமிராது, வேளைக்கு உன் ஆறரை ரூபாயும் நிலைக்கும். எனக்கு எரிந்தால் மட்டும் விட்டுவிடுவேன். ஆனால் ஒன்று, சொட்டுக் குழாய் யார் முகத்திலும் படக்கூடாது!"

பெரிய புட்டி லாபம்தான். அதைக் காலி செய்ய வீட்டில் ஆள் இருந்தால்!