கோல்டு மெயில் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது? ‘ஃப்ரீ’ என்ற சொல்லை நீக்கினால் மட்டும் போதுமா?

திங்கட்கிழமை காலையில் 400 பேருக்கு மெயில் அனுப்புகிறீர்கள். புதன்கிழமை வரை ஒரு பதில்கூட வரவில்லை. டீமில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: “சப்ஜெக்ட்ல ‘ஃப்ரீ’ன்னு போட்டோம்ல, அதான் ஸ்பேமுக்குப் போயிருக்கும்.” உடனே அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, அதே 400 பேருக்கு மறுபடியும் அனுப்புவீர்கள். நிலைமை முன்பைவிட மோசமாகும்.

வார்த்தைகளுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஸ்பேம் ஃபில்டர் உங்கள் மெயிலைப் பார்க்கும்போது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட அதை யார் அனுப்புகிறார்கள், இதற்கு முன் அவர்கள் அனுப்பியதை மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்கே அதிக எடை கொடுக்கிறது. அந்தக் கணக்கு உங்கள் டொமைனின் பெயரில்தான் ஏறுகிறது. அதாவது, சேல்ஸ் மெயிலால் டொமைனின் பேர் கெட்டால், அதே டொமைனிலிருந்து அக்கவுன்ட்ஸ் அனுப்பும் இன்வாய்ஸும், ஹெச்.ஆர். அனுப்பும் ஆஃபர் லெட்டரும் ஸ்பேமில் போய் உட்காரக்கூடும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூருவில் ஆறு பேர் வேலை பார்க்கும் ஒரு சம்பள மென்பொருள் நிறுவனம். டொமைன் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வழக்கமாக நாளொன்றுக்கு 30, 40 மெயில்கள்தான் அங்கிருந்து போகும். ஒருநாள், எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய பட்டியலில் இருக்கும் 400 ஹெச்.ஆர். மேனேஜர்களுக்கு, ஒரு புதிய மெயில் டூல் மூலமாக ஒரே மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறார்கள். சப்ஜெக்ட்: “Re: கடைசி வாய்ப்பு!!! இன்று மட்டும் 50% தள்ளுபடி”. உள்ளே ஒரு பெரிய பேனர் படம், சுருக்கப்பட்ட லிங்க் இரண்டு, 6 எம்.பி. பிரோஷர்.

முதல் கேள்வி: இது நிஜமாகவே நீங்கள்தானா?

மெயில் போய்ச் சேரும் இடத்தில் இருக்கும் சர்வர், உள்ளடக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே, இந்த டொமைன் பெயரில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும். எஸ்.பி.எஃப். என்பது அந்த அனுமதிப் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது மெயிலின் மேல் இடப்படும் டிஜிட்டல் கையெழுத்து. டிமார்க் என்பது, இந்த இரண்டும் பொருந்தாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று டொமைன் உரிமையாளர் சொல்லிவைக்கும் குறிப்பு. மூன்றையும் டொமைனின் டி.என்.எஸ். பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

நம் உதாரண நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் போட்ட எஸ்.பி.எஃப். இப்படி இருக்கிறது:

```
v=spf1 include:_spf.google.com ~all
```

இதில் கூகுளின் சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி. புதிய டூல் தன் சொந்த சர்வரிலிருந்து, இவர்கள் டொமைன் பெயரிலேயே அனுப்பினால், அது பட்டியலில் இல்லாத ஆள். சரி, டூலுக்கென்று இன்னொரு எஸ்.பி.எஃப். வரியைப் புதிதாகச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். வரிதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் சோதனையே பிழையில் முடிந்துவிடும். டூல் தரும் `include` பகுதியை இருக்கும் வரிக்குள்ளேயே, `~all` என்பதற்கு முன்னால் சேர்க்க வேண்டும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். டூலிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் `Show original` அழுத்துங்கள். மேலே SPF, DKIM, DMARC மூன்றுக்கும் எதிரே PASS என்று இருக்க வேண்டும். திரும்பி வரும் மெயில்களில் `550-5.7.26` என்ற எண்ணைப் பார்த்தால், அனுப்பியது யார் என்று உறுதியாகாததால் ஜிமெயில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது என்று அர்த்தம்.

ஒரே மணி நேரத்தில் 400

தினமும் 40 அனுப்பும் டொமைன் திடீரென்று 400 அனுப்பினால், அந்தக் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று ஃபில்டர் சந்தேகப்படுவது நியாயம்தான். ஹேக் செய்யப்பட்ட கணக்குகளும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

அடுத்து, அந்தப் பட்டியல். விலைக்கு வாங்கியவற்றில் வேலை மாறிப் போனவர்களின் முகவரிகள் நிறைய இருக்கும். 400-ல் 60 முகவரிகள் இல்லவே இல்லை, `550 5.1.1` என்று திரும்பி வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஏழில் ஒன்று! இவருக்கு இந்த ஆட்களோடு எந்தப் பழக்கமும் இல்லை, ஏதோ ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு அனுப்புகிறார் என்பது ஃபில்டருக்கு அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

மீதி 340 பேரில் இரண்டே இரண்டு பேர் எரிச்சலில் ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ அழுத்துகிறார்கள் என்றால், அது கிட்டத்தட்ட 0.6%. தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புவோருக்காக 2024 பிப்ரவரியில் கூகுள் அமலுக்குக் கொண்டுவந்த விதிகள், இந்தப் புகார் விகிதத்தை 0.1%-க்குள் வைத்திருக்கச் சொல்கின்றன, 0.3%-ஐத் தொடவே கூடாது. நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு டிமார்க்கும், விளம்பர மெயில்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் கட்டாயம். அலுவலக மெயில் பெட்டிகளுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது என்றாலும், அங்கேயும் ஃபில்டர் யோசிக்கும் விதம் இதேதான்.

இந்தியாவில் வேண்டாத அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் டிராய் விதிகள் இருக்கின்றன. மின்னஞ்சல் அவற்றுக்குள் வராது. அதனாலேயே ‘யாரும் கேட்க மாட்டாங்க’ என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் அந்த ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ பட்டன்தான் கேட்கிறது.

அந்தப் பட்டனை அழுத்துபவர்களில் பலர் கோபக்காரர்கள் அல்லர். வேறு வழி தெரியாதவர்கள். “வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை பதில் போடுங்கள், இனி அனுப்ப மாட்டேன்” என்று கடைசியில் ஒரு வரி இருந்தாலே பலர் அந்தப் பட்டன் பக்கம் போக மாட்டார்கள். வேண்டாம் என்றவர்களுக்கு அதன் பிறகு அனுப்பவும் கூடாது.

லிங்க் எங்கே போகிறது?

சுருக்கப்பட்ட லிங்கின் சிக்கல், அந்த டொமைன் உங்களுடையதல்ல என்பது. அதே சுருக்கும் சேவையை மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் சம்பாதித்த கெட்ட பெயரில் உங்களுக்கும் பங்கு கிடைக்கும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று டிராக்கிங் லிங்க். மெயிலில் உங்கள் வெப்சைட் முகவரியை முழுதாக எழுதியிருப்பீர்கள். யார் கிளிக் செய்தார்கள் என்று எண்ணுவதற்காக, டூல் அதற்குப் பின்னால் தன்னுடைய டொமைனை வைத்துவிடும். படிப்பவர் கண்ணுக்கு ஒரு முகவரி, கிளிக் செய்தால் போவது வேறொரு முகவரி. வங்கிப் பெயரில் வரும் ஃபிஷிங் மெயிலும் இதைத்தான் செய்கிறது. முதல் மெயிலில் டிராக்கிங்கை நிறுத்திவிடுங்கள். யார் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையையும் பெரிதாக நம்ப முடியாது. 2021 முதல் ஆப்பிள் மெயிலில் தனியுரிமை வசதியை இயக்கியவர்களுக்கு, அவர்கள் திறக்காமலேயே படங்கள் பின்னணியில் இறங்கிவிடுகின்றன. டூலோ அதை ‘படித்துவிட்டார்’ என்று எண்ணிக்கொள்ளும்.

அட்டாச்மென்ட் விஷயம் எளிது. `.exe`, `.js` போன்றவற்றை ஜிமெயில் வாங்கவே வாங்காது. பாஸ்வேர்டு போட்ட ஜிப், மேக்ரோ உள்ள ஆபீஸ் ஃபைல், `.html` ஃபைல் ஆகியவை மால்வேரும் ஃபிஷிங்கும் வழக்கமாக வரும் வண்டிகள். பி.டி.எஃப். அந்த அளவுக்கு மோசமில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூமே இணைப்பதில் தவறில்லை, அவர்கள் கேட்டதுதானே. யாரும் கேட்காத 6 எம்.பி. பிரோஷர் அப்படியல்ல. “அனுப்பட்டுமா?” என்று கேளுங்கள். “அனுப்புங்க” என்று பதில் வந்துவிட்டால், நீங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் ஆள் ஆகிவிடுவீர்கள். அடுத்த மெயில் இன்பாக்ஸுக்குப் போகும் வாய்ப்பு கூடும்.

அப்படியென்றால் வார்த்தைகள்?

தடை செய்யப்பட்ட சொற்கள் என்று இணையத்தில் நூற்றுக்கணக்கில் பட்டியல் உலவுகிறது. ஃபில்டர்கள் அப்படி வேலை செய்வதில்லை. திறந்த மூல ஃபில்டரான ஸ்பேம்அசாசினைப் பார்த்தால் புரியும். ஒவ்வொரு அறிகுறிக்கும் அது ஒரு சிறு மதிப்பெண் போடும். மொத்தம் 5-ஐத் தொட்டால் ஸ்பேம். நல்ல அறிகுறிகளுக்கு மதிப்பெண் குறையவும் செய்யும். ‘இலவசம்’ என்ற ஒரு சொல்லால் எல்லையைத் தாண்ட முடியாது. ஜிமெயில் இயந்திரக் கற்றலை நம்புவதால், அங்கே ஒரு சொல்லைத் தனியே பிரித்துப் பழி போடுவது இன்னும் கடினம்.

கூட்டாகச் சேரும்போதுதான் கதை மாறுகிறது. ஏற்கெனவே பேர் இல்லாத டொமைன், மூன்று ஆச்சரியக்குறி, ‘கடைசி வாய்ப்பு’, எழுத்தே இல்லாமல் படம் மட்டும் உள்ள உடல். இதில் மிக மோசமானது என்று நான் நினைப்பது சப்ஜெக்டில் இருந்த அந்த `Re:` தான். நடக்காத உரையாடல் நடந்ததாகக் காட்டுகிறது. ஃபில்டர் விட்டுவிட்டாலும், திறந்து பார்த்து ஏமாந்தவர் விட மாட்டார். நேரே ஸ்பேம் பட்டன்தான். இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் ‘சூப்பர் ஹிட்’ டெம்ப்ளேட்டை அப்படியே எடுப்பது. அதே வாசகங்கள் ஆயிரம் பேரிடமிருந்து வந்து, அவற்றில் பல ஸ்பேம் என்று குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் மெயிலும் அவற்றைப் போலவே இருக்கும்.

நம் பெங்களூரு நிறுவனம் இப்போது என்ன செய்யலாம்? முதலில் அந்த 400 பேருக்கான ஃபாலோ-அப்பை நிறுத்த வேண்டும். புதிதாக ஒரு டொமைன் வாங்கி ஓடிவிடலாம் என்று தோன்றும். ஆனால் நேற்று பிறந்த டொமைனுக்குச் சொல்லிக்கொள்ள எந்த வரலாறும் இல்லை, அதுவே ஒரு சந்தேகம். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றையும் சரிசெய்துவிட்டு, சில வாரங்களுக்கு வழக்கமான மெயில்களை மட்டும் அனுப்புவது நல்லது. பிறகு நாளுக்குப் பத்துப் பதினைந்து பேர், ஒவ்வொருவரையும் தேடிப் பார்த்து எழுதுவது. மெயில் இப்படி இருக்கலாம்:

“வணக்கம் மேடம், உங்கள் நிறுவனம் இந்த மாதம் ஓசூரில் இரண்டாவது கிளை திறப்பதைப் பார்த்தேன். கர்நாடகாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொழில் வரி கணக்கு வேறு வேறு என்பதால், சம்பளப் பட்டியலை இரண்டாகப் போட வேண்டியிருக்கும். அதை ஒரே இடத்தில் செய்யும் மென்பொருள் எங்களிடம் இருக்கிறது. இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை அனுப்பட்டுமா? தேவையில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மறுபடி எழுத மாட்டேன்.”

இதில் லிங்க் இல்லை, படம் இல்லை, இணைப்பும் இல்லை. நாளுக்குப் பதினைந்து என்றால் 340 பேரை முடிக்க 23 வேலை நாட்கள் ஆகும். இந்த இடைவெளியில் இன்வாய்ஸ் ஏதாவது வாடிக்கையாளரின் ஸ்பேமில் சிக்கியிருக்கிறதா என்று ஃபோன் போட்டுக் கேளுங்கள். இருந்தால், அதைத் திறந்து `Report not spam` அழுத்தி, உங்கள் முகவரியைக் கான்டாக்ட்ஸில் சேர்க்கச் சொல்லுங்கள்.