லூப் எத்தனை முறை ஓடும்?

ஐந்து மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்ட சி மொழியில் இப்படி எழுதியிருக்கிறார்கள். `n` இன் மதிப்பு 5.

```c
for (i = 0; i <= n; i++)
    total = total + marks[i];
```

மேலோட்டமாகப் பார்த்தால் பிழை தெரியாது. ஆனால் `i` எடுக்கும் மதிப்புகளை எழுதிப் பாருங்கள்: 0, 1, 2, 3, 4, 5. மொத்தம் ஆறு சுற்று! மதிப்பெண்களோ `marks[0]` முதல் `marks[4]` வரைதான் இருக்கின்றன. ஆறாவது சுற்றில் `marks[5]` என்று, பட்டியலிலேயே இல்லாத இடத்தைப் படிக்கிறோம்.

பைத்தானிலும் ஜாவாவிலும் இப்படிப் படித்தால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். சி மொழி அப்படித் தடுப்பதில்லை. பெரும்பாலும் நினைவகத்தில் பக்கத்தில் கிடப்பதை எடுத்துக் கூட்டிவிடும். அங்கே தற்செயலாகப் பூஜ்யம் இருந்தால் விடை சரியாகவே வரும். அதனால் சோதனையில் பிழை தப்பிவிடும். இதற்கு நேர்மாறாக `i = 1` என்று தொடங்கி `i < n` என்று முடித்தால் முதல் மாணவர் விடுபட்டுப் போவார். இதை எந்த மொழியும் கண்டுபிடித்துச் சொல்லாது.

சுற்றுகளை எண்ணுவதற்கு வழி எளிது. புத்தகத்தில் 20ஆம் பக்கம் முதல் 30ஆம் பக்கம் முடிய வாசித்தால் 10 பக்கம் அல்ல, 11 பக்கம். இரண்டு முனைகளும் சேர்ந்தால் கழித்து ஒன்று கூட்ட வேண்டும். கடைசி முனை சேராவிட்டால் கழித்தாலே போதும். ஆகவே `a` இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறும் லூப், `i < b` என்றால் `b - a` முறையும், `i <= b` என்றால் `b - a + 1` முறையும் ஓடும்.

தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விட்டுவிடும் முறையே சிறந்தது என்று டச்சுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982இல் ஒரு குறிப்பில் வாதிட்டார். இரு எல்லைகளின் வித்தியாசமே எண்ணிக்கையாகிவிடுகிறது. ஒரு தொடர் முடியும் எண்ணிலேயே அடுத்த தொடர் தொடங்குகிறது. பைத்தானின் `range` இப்படித்தான் நடக்கிறது.

தாவித் தாவி எண்ணும்போது இன்னும் கவனம் தேவை.

```c
for (i = 0; i < 10; i += 3)
```

10ஐ 3ஆல் வகுத்தால் 3.33. பின்னத்தை விட்டுவிட்டு மூன்று முறை என்று கணக்கிட்டால் தவறு. `i` எடுக்கும் மதிப்புகள் 0, 3, 6, 9. ஆக நான்கு முறை. பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும்.

சூத்திரம் சரிதானா என்று பார்க்க, பெரிய எண்கள் வேண்டாம். மாணவரே இல்லாத வகுப்பைக் கொடுங்கள், அதாவது `n = 0`. லூப் ஒருமுறைகூட ஓடக் கூடாது. நாம் தொடக்கத்தில் பார்த்த நிரலோ ஒருமுறை ஓடிவிடுகிறது. `<=` என்பதை `<` என்று மாற்றினால், காலி வகுப்புக்குச் சுற்றே இல்லை. ஐந்து பேருக்குச் சரியாக ஐந்து சுற்று.