உம்மம்மாவின் கிளினிக் கொப்பி

உம்மம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு மாதமும் ஒரு எண் எழுதப்படும். 2.4, 2.7, 2.5 என்று அது பெரிதாக மாறாமல் போய்க்கொண்டிருந்தது. கடந்த வருடம் ஒரு முறை மட்டும் 6.1 என்று வந்தது. அது ஏன் என்று தேடியபோதுதான் இந்த எண்ணின் கதை எனக்கு விளங்கியது.

உம்மம்மாவுக்குச் சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதயத்தின் இருகூர் வால்வைச் சுருக்கிவிட்டது. இப்போது இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறது. அப்படித் துடிக்கும்போது சோணையறையில் இரத்தம் தேங்கி உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம் வரும். அதைத் தடுக்கவே ஒவ்வொரு இரவும் 3 மில்லிகிராம் வோபரின் குடிக்கிறார்.

வோபரின் இரத்தத்தை 'மெல்லியதாக்கும்' என்று வீட்டில் சொல்வோம். உண்மையில் அது ஈரலில் வேலை செய்கிறது. குருதி உறைவதற்குத் தேவையான நான்கு காரணிகளை ஈரல் விற்றமின் கே-யின் உதவியோடுதான் ஆக்குகிறது. ஒரு முறை பயன்பட்ட விற்றமின் கே-யை ஒரு நொதியம் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். வோபரின் அந்த நொதியத்தைத் தடுக்கிறது. ஆகவே நாம் அளப்பது மருந்தை மட்டுமல்ல, மருந்துக்கும் விற்றமின் கே-க்கும் இடையிலான சமநிலையை.

கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு நகருக்குப் போய் இரத்தம் கொடுப்போம். சித்திரேற்று உள்ள குழாயில் அதை எடுப்பார்கள். சித்திரேற்று கல்சியத்தைப் பிடித்து வைப்பதால் வழியில் இரத்தம் உறையாது. ஆய்வுகூடத்தில் உறையத் தூண்டும் பொருளையும் கல்சியத்தையும் சேர்த்து எத்தனை செக்கனில் உறைகிறது என்று பார்க்கிறார்கள். சாதாரணமாக 12 செக்கனில் உறைவது ஒருவருக்கு 30 செக்கன் எடுத்தால் விகிதம் 2.5. தூண்டும் பொருள் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறுபடுவதால் அதற்கேற்பத் திருத்திய எண்ணே ஐ.என்.ஆர். உம்மம்மாவுக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் இரத்தம் கட்டியாகலாம். கூடினால் உள்ளே இரத்தம் கசியலாம்.

6.1 வந்த மாதம் நடந்தது இதுதான். உம்மம்மாவுக்குப் பல் வலி. முகம் வீங்கியது. ஒரு மருந்துக்கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் வாங்கிக் கொடுத்தோம். வோபரின் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வோபரினை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியத்தை மெட்ரோனிடசோல் மந்தமாக்குகிறது. அதே 3 மில்லிகிராம்தான், ஆனால் உடலில் அது தேங்கத் தொடங்கியது. அதோடு மெல்ல முடியாமல் ஐந்து நாள் கஞ்சி மட்டுமே குடித்தார். வழமையாகச் சாப்பிடும் முருங்கை இலையும் பொன்னாங்காணியும் இல்லை. விற்றமின் கே குறைந்தது, மருந்து கூடியது. இரண்டும் எண்ணை ஒரே பக்கம் தள்ளின.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஏற்கனவே இரத்தத்தில் உள்ள காரணிகள் தீர நேரம் எடுக்கும். புரோத்துரோம்பின் பாதியாகக் குறையவே இரண்டரை நாள் அளவில் செல்லும். ஐந்தாம் நாள் எங்கும் அடிபடாமலே முழங்கையில் ஒரு பெரிய நீலத் தழும்பு. உம்மா அதைக் கண்டதும் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்.

"கறுப்பா வெளிக்குப் போனதா, தலைவலி இருக்கா?" என்று வைத்தியர் கேட்டார். இரண்டும் இல்லை. மெட்ரோனிடசோலை நிறுத்தி, வோபரினையும் இரண்டு இரவு விடச் சொன்னார். நான்காம் நாள் 2.9. பழைய அளவையே திரும்பத் தொடங்கினார்.

"அப்ப இனிக் கீரையே வேணாமா டொக்டர்?" என்று உம்மம்மா கேட்டார்.

"இல்லை உம்மா, கீரையை விட வேணாம். ஒவ்வொரு கிழமையும் சாப்பிடுற அளவைக் கூட்டாமக் குறைக்காம வச்சுக்கோங்க. உங்கட மருந்தின் அளவு அந்தச் சாப்பாட்டுக்குப் பார்த்துத்தான் போட்டது" என்றார்.

நோன்பு மாதத்தில் சாப்பாடு மாறுவதால் இப்போது முதல் பத்துக்குள் ஒரு முறை கூடுதலாக எண்ணைப் பார்க்கிறோம். அஸ்பிரின், டைக்குளோபெனாக் போன்ற வலி மாத்திரைகளையும் நாங்களாக வாங்குவதில்லை. அவை ஐ.என்.ஆரைப் பெரிதாக மாற்றாமலே இரைப்பையில் இரத்தம் கசியச் செய்யும். அதனால் எண் நன்றாக இருக்கிறது என்று நம்பி ஏமாறலாம்.

கொப்பியின் முன் அட்டையில் நான் சிவப்புப் பேனையால் "வோபரின் குடிக்கிறார்" என்று எழுதியிருக்கிறேன். பல் வைத்தியரிடம் போனாலும் மருந்துக்கடைக்குப் போனாலும் உம்மம்மா முதலில் அதைத்தான் நீட்டுகிறார்.