மாக்கோவ் சங்கிலியும் மாரி மழையும்

கல்முனைக் கரையோரத்தில் அறுவடைக் காலத்திலே நெல்லைக் காயப்போடுவோர் வானத்தை அடிக்கடி நோக்குவர். பத்து நாளாக மழை இல்லையெனின், "இவ்வளவு நாளும் பொறுத்த மழை நாளைக்குப் பெய்தே தீரும்" என்பார் ஒருவர். "இன்று வெயில், ஆகவே நாளையும் பெரும்பாலும் வெயிலே" என்பார் மற்றொருவர். முன்னவர் பத்து நாட்களையும் கணக்கிற் சேர்க்கின்றார். பின்னவர் இன்றை மட்டுமே சேர்க்கின்றார். நாளையை மதிப்பிடுவதற்கு எத்தனை நாட்களை நினைவிற் கொள்ளுதல் வேண்டும் என்பதே இவர்களிடையே எழும் வினா.

இன்றைய நிலை தெரிந்தபின், அதற்கு முந்திய நாட்களைப் பற்றிய அறிவு நாளையைக் குறித்துப் புதிதாக எதனையும் கூறாதாயின், அத்தகைய நிகழ்ச்சித் தொடரை மாக்கோவ் சங்கிலி என்பர். உருசியக் கணித அறிஞர் ஆந்திரேய் மாக்கோவ் 1906ஆம் ஆண்டில் இத்தகைய தொடர்களை ஆராயத் தொடங்கினார். இங்கு மறதி என்பது தொடர்பின்மை அன்று. நேற்று இன்றைப் பாதித்தது. இன்று நாளையைப் பாதிக்கும். நேற்றின் செல்வாக்கு முழுவதும் இன்றைய நிலையினூடாகவே நாளையை அடைகின்றது என்பதே கருத்து.

மழையைப் பொறுத்தவரை இதனை எண்ணிக் காட்டியோர் கேபிரியல், நியூமன் என்னும் இருவர். கல்முனையைப் போலவே தெல் அவீவும் ஒரு பருவத்தில் மழை பெற்று மற்றொரு பருவத்தில் வறளும் கடற்கரை நகர். அந்நகரின் 27 ஆண்டு மழைப் பதிவுகளிலிருந்து டிசம்பர், சனவரி, பெப்ரவரி மாதங்களை மட்டும் எடுத்து, 1962இல் அவர்கள் தம் முடிவுகளை வெளியிட்டனர். மழையற்ற நாளை அடுத்து வந்த நாட்கள் 1399. அவற்றுள் 350இல் மழை பெய்தது. மழைநாளை அடுத்து வந்த நாட்கள் 1038. அவற்றுள் 688இல் மழை பெய்தது. எனவே, இன்று மழை இல்லையாயின் நாளை பெய்வதற்கான நிகழ்தகவு 0.25, இன்று மழையாயின் 0.66.

நாளை மறுநாளுக்கும் இவ்விரண்டு எண்களே போதும். இன்று மழை இல்லை எனக் கொள்வோம். நாளை பெய்து மறுநாளும் பெய்தல் 0.25 × 0.66, ஏறத்தாழ 0.17. நாளை பெய்யாது மறுநாள் பெய்தல் 0.75 × 0.25, ஏறத்தாழ 0.19. இரண்டையும் கூட்ட 0.35 அளவில் வரும். இன்று மழையாயின் இதே முறையில் 0.52 கிடைக்கும். ஆகவே நாளைக்கு 0.41 ஆக இருந்த வேறுபாடு மறுநாளைக்கு 0.17 ஆகச் சுருங்குகின்றது. ஐந்தாம் நாளில் அது 0.01 அளவே. அப்போது எந்நிலையிலிருந்து தொடங்கினும் விடை 0.43ஐ நெருங்கும். அஃது அப்பருவத்தில் மழைநாட்களின் பொது வீதமேயாகும். ஒரு வாரத்துக்கு அப்பால் இச்சங்கிலி இன்றையும் மறந்துவிடுகின்றது எனலாம்.

இனி, பத்து நாள் வறட்சி மழையை விரைவிற் கொண்டுவருமா? இச்சங்கிலியின்படி, ஒரு நாள் வறட்சிக்குப் பின்னும் பத்து நாள் வறட்சிக்குப் பின்னும் நாளை மழை பெய்வதற்கான நிகழ்தகவு அதே 0.25தான். தெல் அவீவில் மழைத் தொடர்களும் வறட்சித் தொடர்களும் நீடித்த நாட்களின் கணக்கு இக்கூற்றோடு நன்கு பொருந்தியது.

எனினும் எவ்விடத்துக்கும் இது பொருந்தும் எனச் சோதியாது கொள்ளல் ஆகாது. சோதனை எளியது. இன்று மழையற்ற நாட்களை இரு கூறாக்குக: நேற்று மழை பெய்தவை ஒன்று, பெய்யாதவை மற்றொன்று. இரு கூறுகளிலும் மறுநாள் மழை பெய்த வீதம் ஏறக்குறைய ஒன்றாயின் மறதி மெய்யே. பெரிதும் வேறுபடின், நேற்றையும் இன்றையும் சேர்த்தே ஒரு நிலையாகக் கொண்டு, இரண்டு நிலைகளுக்குப் பதிலாக நான்கு நிலைகளுடன் கணக்கிடுதல் வேண்டும்.

இச்சோதனையிலும் ஒரு பொறி உண்டு. அம்பாறைக் கரையோரத்தில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரை பெய்வது. கச்சான் காற்று வீசும் நடு ஆண்டு மாதங்கள் வறண்டவை. பன்னிரு மாதங்களையும் ஒரே அட்டவணையில் இட்டால், நேற்று மழை பெய்தது என்னும் செய்தி, இது மாரிகாலம் என்பதை மறைமுகமாக உணர்த்திவிடும். அதனால் நேற்றும் பயன்படுவது போலத் தோன்றும். அது வானிலையின் நினைவன்று, நாட்காட்டியின் நினைவே. பருவந்தோறும் தனித்தனி அட்டவணை அமைத்தால் அப்போலித் தோற்றம் நீங்கும். கேபிரியலும் நியூமனும் மூன்று குளிர்கால மாதங்களை மட்டும் தேர்ந்ததன் பயன் இதனால் விளங்கும். தெல் அவீவின் 0.25ஐக் கல்முனைக்கு எடுத்தாளுதலும் தகாது. கல்முனையின் எண்களைக் கல்முனை மழைமானியின் பதிவுகளிலிருந்தே எண்ணிப் பெறல் வேண்டும்.